பொத்தானுக்கும் ஹார்னுக்கும் நடுவே ஒரு ரிலே

ஸ்கூட்டரின் இடது கைப்பிடியில் இருக்கும் ஹார்ன் பொத்தானைக் கழற்றிப் பிரித்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு சின்ன ஸ்பிரிங், ஒரு பித்தளைத் தகடு, எதிரே இன்னொரு தகடு, சுற்றிலும் பிளாஸ்டிக். கட்டைவிரல் அழுத்தும்போது தகடுகள் தொட்டுக்கொள்கின்றன, விட்டதும் பிரிகின்றன. கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் இந்தத் தகடுகள் வழியாக ஓடுவது ஏறத்தாழ 2 ஆம்பியர் மின்னோட்டம். அந்த அளவுக்குத்தான் தகட்டின் பருமனும் வயரின் கனமும் கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன.

வண்டி வாங்கிக் கொஞ்ச நாளானதும் பலருக்கு அந்த ஹார்னின் மீது அதிருப்தி வந்துவிடுகிறது. பஸ் ஓட்டுநருக்குக் கேட்கவில்லை, லாரிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை என்று உதிரிபாகக் கடைக்குப் போய் ஒரு ஜோடி ஷெல் ஹார்ன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நத்தை ஓடு போல் சுருண்ட குழல் உள்ள ஹார்ன் அது. பழைய ஹார்னில் இருந்த இரண்டு வயர்களையும் உருவிப் புதியதில் செருகினால் சத்தம் அருமையாக வருகிறது. சில மாதம் கழித்து அழுத்தினால் ஒருமுறை அடிக்கிறது, ஒருமுறை அடிப்பதில்லை. அப்புறம் பொத்தானை ஓரமாகச் சாய்த்து அழுத்த வேண்டியிருக்கிறது. கடைசியில் பிளாஸ்டிக் இளகிப் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. பிரித்துப் பார்த்தால் தகடுகள் கறுத்துப்போயிருக்கும். நடுவில் ஊசியால் குத்தியதுபோலக் குழிகள் இருக்கும்.

பழி ஹார்னின் மீதோ பொத்தானின் மீதோ அல்ல. இரண்டையும் நேரடியாக இணைத்ததுதான் தவறு. ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும்.

ஒரு வயரிலோ தகட்டிலோ பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பது பள்ளியில் படித்த ஜூல் விதி. புதிய ஹார்ன் ஒவ்வொன்றும் 4 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜோடிக்கு 8 ஆம்பியர். மின்னோட்டம் நான்கு மடங்குதான் ஆகியிருக்கிறது, ஆனால் வெப்பம் 16 மடங்கு. பொத்தானின் தகடுகள் தொடும் இடத்தில் 0.05 ஓம் மின்தடை இருந்தால், பழைய ஹார்னுக்கு அங்கே 0.2 வாட் வெப்பம் பிறந்தது. அதை யாரும் உணர்ந்திருக்கமாட்டார்கள். இப்போது 3.2 வாட். இதோடு நின்றால்கூடச் சமாளிக்கலாம். சூடான உலோகத்தின் மேல் ஆக்ஸைடு படிகிறது, ஆக்ஸைடு மின்தடையைக் கூட்டுகிறது, கூடிய மின்தடை இன்னும் சூடாக்குகிறது. 0.05 ஓம் இருந்த இடம் 0.2 ஓம் ஆகிவிட்டால் வெப்பம் 13 வாட்டை நெருங்கும். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்க வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயன் 25 வாட். அதில் பாதி வெப்பம் கட்டைவிரலுக்கடியில் உள்ள பிளாஸ்டிக் டப்பிக்குள் இருக்கிறது.

குழிகளுக்குக் காரணம் வேறு. ஹார்னுக்குள் இருப்பது ஒரு மின்காந்தச் சுருள், அதன் எதிரே ஒரு மெல்லிய எஃகுத் தகடு. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் தகடு இழுபடுகிறது. இழுபடும்போதே உள்ளே இருக்கும் ஒரு தொடுமுனையைத் தள்ளிப் பிரித்துவிடுகிறது. மின்சாரம் நின்றதும் தகடு திரும்புகிறது, தொடுமுனை சேர்கிறது, மறுபடி இழுப்பு. நொடிக்குச் சுமார் 400 முறை நடக்கும் இந்தத் துடிப்புதான் நம் காதில் விழும் சத்தம். சுருள் என்பது ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைச் சட்டென நிறுத்தவிடாத பொருள். கட்டைவிரலை எடுத்ததும் பொத்தானின் தகடுகள் பிரிகின்றன. சுருளோ தன்னிடம் சேர்ந்திருக்கும் காந்த ஆற்றலைக் கொட்டியே தீர வேண்டும். 12 வோல்ட் வண்டியில் அந்த ஒரு கணத்துக்கு மின்னழுத்தம் பல மடங்கு எகிறி, பிரியும் தகடுகளுக்கிடையே பொறியாகத் தாவுகிறது. ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் ஒரு துளியை உருக்கி எடுத்துப் போகிறது. மின்னோட்டம் எவ்வளவு பெரிதோ பொறியும் அவ்வளவு கொழுத்தது. நகரத்து நெரிசலில் நாள் முழுக்க ஓடும் வண்டியில் இந்தப் பொறிகளுக்குக் கணக்கே இல்லை.

சத்தத்தைப் பொறுத்தும் நேரடி இணைப்பு நஷ்டம்தான். பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஃப்யூஸ், சாவி ஸ்விட்ச் எல்லாம் தாண்டி ஹேண்டில்பாருக்கு ஏறி, பொத்தானைக் கடந்து, மீண்டும் கீழே இறங்கி ஹார்னுக்கு வந்து, எர்த் வழியாகத் திரும்புகிறது. சுமார் 5 மீட்டர் நீளம் என்று கொள்ளலாம். வயர் 0.5 ஸ்கொயர் எம்எம் என்றால் அதன் மின்தடை மட்டும் 0.17 ஓம். கனெக்டர்களும் ஸ்விட்ச்களும் இன்னொரு 0.1 ஓம் சேர்க்கும். 2 ஆம்பியருக்கு வழியில் தொலைவது அரை வோல்ட்தான். 8 ஆம்பியருக்கு இரண்டு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். பாட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் ஹார்னுக்குக் கிடைப்பது 10 வோல்ட் சொச்சம். காசு கொடுத்து வாங்கிய ஹார்ன் தொண்டை கட்டியதுபோல ஒலிப்பது இதனால்தான்.

தீர்வு நம் கிராமத்துத் தோட்டங்களில் எப்போதோ வந்துவிட்டது. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை விரலால் அழுத்துகிறோமே, மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் அந்தப் பொத்தான் வழியாகவா போகிறது? இல்லை. பொத்தான் ஒரு சுருளுக்கு மட்டும் மின்சாரம் விடுகிறது. சுருள் கனத்த தொடுமுனைகளை இழுத்துச் சேர்க்கிறது. மோட்டாருக்கான மின்சாரம் அவை வழியாக ஓடுகிறது. டொக் என்று கேட்பது அந்தச் சேர்க்கையின் சத்தம். ஸ்கூட்டருக்குப் போடும் ரிலே இதே ஏற்பாட்டின் தீப்பெட்டியளவு வடிவம். அமெரிக்க இயற்பியலர் ஜோசப் ஹென்றி 1835-இல் பிரின்ஸ்டனில் செய்துகாட்டியது இதைத்தான்: தொலைவிலிருந்து வரும் நலிந்த மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்கும், அது பக்கத்திலிருக்கும் வலிமையான சுற்று ஒன்றைத் திறந்து மூடும். நெடுந்தொலைவுத் தந்திக்கு இந்த உத்தி தேவைப்பட்டது. நமக்குத் தேவை மூன்றடித் தூரத்துக்கு.

கார்களில் போடும் 12 வோல்ட் ரிலேயே ஸ்கூட்டருக்கும் போதும். அடியில் நான்கோ ஐந்தோ கால்கள் இருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் பொறித்திருக்கும். ஜெர்மானியத் தரநிலையிலிருந்து வந்த எண்கள் இவை. எந்தக் கம்பெனி ரிலே வாங்கினாலும் பெரும்பாலும் மாறாது. 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். 30 என்பது பாட்டரியிலிருந்து மின்சாரம் நுழையும் கால். 87 என்பது ஹார்னுக்கு வெளியேறும் கால். ஐந்தாவது கால் இருந்தால் அது 87ஏ. சுருள் உறங்கும்போது 30-உடன் இணைந்திருப்பது அது. அதில் மட்டும் எதையும் மாட்டக் கூடாது. மாட்டினால் பொத்தானைத் தொடாதபோது ஹார்ன் அலறும், அழுத்தினால் அடங்கும்.

சுருளின் மின்தடை சுமார் 80 ஓம். 12 வோல்ட்டுக்கு 0.15 ஆம்பியர்தான் எடுக்கும். முன்பு 3.2 வாட்டில் வெந்துகொண்டிருந்த பொத்தான் தகட்டில் இப்போது பிறக்கும் வெப்பம் ஒரு வாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பொத்தானுக்கு இனி ஹார்ன் எவ்வளவு பெரியது என்றே தெரியாது.

வேலையைத் தொடங்கும் முன் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். முன்பக்க பேனலைக் கழற்றினால் பழைய ஹார்ன் தெரியும். அதிலிருந்து இரண்டு வயர்களை உருவலாம். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். சில வண்டிகளில் பொத்தான் பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கிறது: அழுத்தினால் ஹார்னுக்கு 12 வோல்ட் வரும், ஹார்னின் மறுமுனை நிரந்தரமாக எர்த்தில் இருக்கும். வேறு சிலவற்றில் ஹார்னுக்கு 12 வோல்ட் எப்போதும் வந்து நிற்கும், பொத்தான் எர்த்தைச் சேர்த்துவிடும். எந்த நிற வயர் எது என்று கேட்டு அலைய வேண்டாம். அந்த இரண்டு வயர்களையும் அப்படியே ரிலேயின் 85, 86 கால்களில் மாட்டிவிடுங்கள். பொத்தான் எந்தப் பக்கம் இருந்தாலும், அழுத்தும்போது இந்த இரண்டு வயர்களுக்கிடையேதான் 12 வோல்ட் தோன்றப்போகிறது. ஹார்ன் இருந்த இடத்தில் சுருள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. வெறும் சுருளுக்குத் திசை கிடையாது. ரிலேயின் மேல் டயோடு படம் போட்டிருந்தால் மட்டும் திசை பார்க்க வேண்டும். பாசிட்டிவ் 86-க்குப் போக வேண்டும், மாற்றினால் டயோடு குறுக்கே மின்சாரம் பாய்ந்து ஃப்யூஸ் போகும். அந்த டயோடு வீண் செலவு அல்ல. ரிலேயின் சுருளும் சுருள்தானே, விடும்போது அதுவும் சின்னதாக ஒரு பொறி தரும். டயோடு அதை உள்ளேயே விழுங்கிவிடுகிறது.

அடுத்தது புதிய பாதை. பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் ஒன்றை இழுங்கள். பாட்டரி காலடிப் பலகைக்கடியில் இருக்கும் வண்டியில் ஹார்ன் வரை ஒன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடும். வயர் பாட்டரியை விட்டுக் கிளம்பிய ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ் ஒன்று டப்பியோடு இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பது ஹார்னை அல்ல, வயரை. வழியில் எங்காவது வயர் உரசித் தோல் போய் சேஸிஸைத் தொட்டால், ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள பகுதியைக் காப்பாற்ற யாரும் இல்லை. அந்தப் பகுதி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஹார்ன் பக்கத்தில் ஃப்யூஸ் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது போடாததற்குச் சமம்.

ஃப்யூஸ் தாண்டி வரும் வயர் 30-க்கு. 87-இலிருந்து கிளம்பும் வயர் இரண்டாகப் பிரிந்து இரு ஹார்ன்களுக்கும். ஹார்ன்களின் மறுமுனைகளைப் பெயிண்ட் சுரண்டிய சேஸிஸ் போல்ட்டிலோ, அதைவிடச் சிறப்பாகத் தனி வயரில் பாட்டரியின் நெகட்டிவ்வுக்கோ கொடுக்கலாம். போக வர 3 மீட்டர் வயருக்கு மின்தடை 0.035 ஓம், ஃப்யூஸும் ரிலேயின் தொடுமுனையும் சேர்ந்தாலும் 8 ஆம்பியருக்கு அரை வோல்ட் அளவில்தான் தொலையும். பழைய வழியில் போன இரண்டு வோல்ட்டோடு ஒப்பிட்டால், அதே ஹார்ன் தெளிவாக ஒலிப்பதற்குக் காரணம் புரியும்.

மாட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி வைத்தால் மழைநீர் உள்ளே தேங்காது. ஷெல் ஹார்னின் வாயும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். மேலே பார்த்தால் முதல் மழைக்கே கோப்பையாகிவிடும். ஹார்னோடு வரும் பட்டை ஸ்பிரிங் எஃகால் ஆனது. அதை எறிந்துவிட்டுக் கனமான இரும்புப் பட்டையில் இறுக்கினாலோ, ஹார்னின் உடல் பேனலில் முட்டினாலோ துடிப்பு அமுங்கிச் சத்தம் பாதியாகும். எல்லாம் முடிந்ததும் ஹேண்டிலை இரு ஓரத்துக்கும் முழுதாகத் திருப்பி, முன் சஸ்பென்ஷனை அழுத்தி, எதுவும் தட்டவில்லை என்று பார்த்த பிறகே பேனலை மூட வேண்டும்.

எவ்வளவு பெரிய ஹார்ன் போடலாம்? ஒரே வலிமையுள்ள இரண்டு ஹார்ன்கள் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். ஆகவே பழைய டிஸ்க் ஹார்ன் போலவே இன்னொன்றைச் சேர்ப்பதில் பெரிய பயன் இல்லை. ஷெல் ஜோடியில் ஒன்று கனத்த சுருதி, மற்றது மெல்லிய சுருதி. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிப்பதால் வாகன இரைச்சலில் தனித்துக் கேட்கிறது. இந்த அளவில் நின்றுகொள்ளலாம். கம்ப்ரஸர் வைத்த ஏர் ஹார்ன், மாறி மாறி ராகம் பாடும் மியூசிக்கல் ஹார்ன் இரண்டும் வேண்டாம். வெவ்வேறு சுருதிகளை அடுத்தடுத்து எழுப்பும் ஹார்னையும், அளவுமீறிக் கடூரமாக, அச்சுறுத்தும்படி ஒலிப்பதையும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆம் விதி தடுக்கிறது. தேவையின்றியோ தொடர்ந்தோ ஹார்ன் அடித்தால், தடைசெய்த பகுதியில் அடித்தால், முதல்முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் வைத்தது.

பாட்டரியும் ஒரு எல்லை வைக்கிறது. 110 சிசி ஸ்கூட்டர்கள் பலவற்றில் இருப்பது 3 முதல் 5 ஆம்பியர்-மணி பாட்டரி. ஒரு நொடி இரண்டு நொடி அடிப்பதற்கு 8 ஆம்பியர் தருவது அதற்குப் பெரிய பாரமில்லை. செல்ஃப் மோட்டார் இழுப்பது இதைவிடப் பல மடங்கு. இன்ஜினை அணைத்துவிட்டு நண்பர்களுக்கு ஒலித்துக்காட்டிக்கொண்டே இருந்தால்தான் மறுநாள் காலை கிக்கரை மிதிக்க வேண்டிவரும். மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது. பலவற்றில் 12 வோல்ட் ஒரு கன்வெர்ட்டரிலிருந்து வருகிறது. அது தரக்கூடிய மின்னோட்டத்துக்கு உச்சவரம்பு உண்டு. பெரிய பாட்டரியில் நேரடியாகக் கைவைத்தால் ஆபத்து. அதேபோல் ஹார்னைக் கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாக இயக்கும் புது மாடல்களிலும் சர்வீஸ் மையத்தைக் கேட்காமல் தொட வேண்டாம், வாரன்டியும் போகும்.

பிற்பாடு ஹார்ன் அடிக்கவில்லை என்றால் காதே முதல் கருவி. பொத்தானை அழுத்தும்போது ரிலே டிக் என்கிறதா? டிக் கேட்டும் ஹார்ன் பேசவில்லை என்றால் பொத்தான், சுருள் எல்லாம் சரி. கோளாறு கனத்த பாதையில் இருக்கிறது. டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி 30-ஐத் தொடுங்கள். எரியவில்லை என்றால் ஃப்யூஸைப் பாருங்கள். 30-இல் எரிந்து, அழுத்தும்போது 87-இல் எரியவில்லை என்றால் ரிலேயின் தொடுமுனை போய்விட்டது. இரண்டிலும் எரிந்தால் பெரும்பாலும் ஹார்னின் எர்த் துருவேறியிருக்கும். டிக்கே கேட்கவில்லை என்றால் தேட வேண்டியது பழைய மெல்லிய வயர்களையும் பொத்தானையும்.

அரிதாக, விரலை எடுத்த பின்னும் ஹார்ன் நிற்காது. ரிலேயின் பக்கத்தில் விரலால் தட்டிப் பாருங்கள்; நின்றுவிட்டால் தொடுமுனைகள் பொறியில் ஒட்டிக்கொண்டிருந்தன என்று பொருள். பொறியை ரிலே ஒழிப்பதில்லை. கைப்பிடியிலிருந்து எடுத்துத் தன் கனத்த தொடுமுனைகளின் மேல் போட்டுக்கொள்கிறது. தேய்ந்தால் ரிலேயை உருவி எடுத்து மாற்றிவிடலாம். கைப்பிடி ஸ்விட்ச் தொகுப்பை மாற்றுவதைவிட அது எவ்வளவோ மலிவு.

கடைசியாக, பட்டறைகளில் அடிக்கடி காணும் ஒரு தப்பு. ரிலே வைத்திருப்பார்கள், புதிய ஃப்யூஸும் இருக்கும். ஆனால் பாட்டரியிலிருந்து வயர் இழுக்கச் சோம்பிப்போய், பழைய ஹார்ன் வயரில் வரும் 12 வோல்ட்டையே 86-க்கும் 30-க்கும் சேர்த்துப் பாலம் போட்டுவிடுவார்கள். டிக் சத்தம் வரும், ஹார்னும் அடிக்கும், பார்ப்பதற்கு எல்லாம் சரி. பொத்தான் பாசிட்டிவ் பக்கத்தில் உள்ள வண்டியில் 8 ஆம்பியரும் முன்போலப் பொத்தான் வழியாகவே போய்க்கொண்டிருக்கும்; மற்றதிலும் பழைய மெல்லிய வயர் வழியாகத்தான் போகும். சில சமயம் ஹார்ன் இழுக்கும்போது அந்த மெல்லிய வயரில் மின்னழுத்தம் விழுந்து, சுருள் பிடியை விட்டு மீண்டும் பிடித்து, ரிலே டர்ர் என்று அதிரும். அதுவும் இதற்கு அடையாளம்தான். கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்கும் முன் பாட்டரி அருகே போட்ட புதிய ஃப்யூஸை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்துங்கள். ரிலே டிக் என்று மட்டும் சொல்ல வேண்டும். ஹார்ன் அடித்தால் கூலியைக் கொடுக்காதீர்கள். வயரை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.